கூட்டினால் சரியாக வருகிறது, ஆனாலும் பங்கு தப்பு – பில் பிரித்த அனுபவங்கள்

ஊர்க்குருவி:
நாங்கள் நாலு பேர் சாப்பிடப் போனோம். பில்லில் வரிக்கு முந்தைய தொகை 2600, வரி 260, டிப்ஸ் 260, ஆக மொத்தம் 3120. பொதுவாக வாங்கிய தட்டுகள் இரண்டு. 800-க்கு வந்ததை நாலு பேரும் சாப்பிட்டோம். 600-க்கு வந்த இன்னொன்றை நண்பர் ஒருவர் தொடவே இல்லை. தனியாக வாங்கியது எனக்கு 300, இரண்டாமவருக்கு 700, மூன்றாமவருக்கு 100, அந்தத் தட்டைத் தொடாத நண்பருக்கு 100.

கணக்குப் போட்டவர் தனித்தனியாக வாங்கியதை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, மீதி 1920-ஐ நாலாக வகுத்தார். தலைக்கு 480. அதோடு அவரவர் வாங்கியதைச் சேர்த்ததும் 780, 1180, 580, 580 என்று வந்தது. கூட்டினால் அச்சாக 3120. எல்லோரும் சரி என்று பணத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடைசி 580 உறுத்தியது. நாலில் ஒரு பங்கு 200, தன்னுடையது 100, ஆக 300-க்குச் சாப்பிட்டவர் எப்படி 580 தருவது?

கடைசி பெஞ்ச்:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? அவரவர் தொகையோடு 10 சதவீதம் வரி போடுங்கள், வந்ததன் மேல் 10 சதவீதம் டிப்ஸ் போடுங்கள். 300 என்றால் 363. முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
வரியும் டிப்ஸும் அவரவர் சாப்பிட்ட அளவுக்கு ஏற்பத்தான் போக வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த 363 தப்பு. நீங்கள் சொன்னபடி போட்டால் மொத்தம் 3146 வரும்; பில்லில் இருப்பது 3120. டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையின் மேல்தான் போட்டிருக்கிறார்கள். வரியையும் சேர்த்து அதன் மேல் போடுகிறவர்களும் உண்டு, பில்லைப் பார்க்காமல் எது என்று தெரியாது. அதனால் நான் சதவீதத்தையே தொடுவதில்லை. கடைசித் தொகையை வரிக்கு முந்தைய தொகையால் வகுப்பேன். 3120-ஐ 2600-ஆல் வகுத்தால் 1.2. ஒவ்வொருவர் சாப்பிட்டதையும் 1.2-ஆல் பெருக்கினால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வரியைத் தொடாமல், ஒவ்வொரு தட்டையும் யார் யார் சாப்பிட்டார்கள் என்று எழுதி, அவரவர் பங்கைப் போடுங்கள். உங்களுக்கு 700, மற்றவர்களுக்கு 1100, 500, 300. கூட்டினால் 2600, பில்லோடு பொருந்துகிறது. இப்போது பெருக்கினால் 840, 1320, 600, 360.

பழைய கணக்கும் 3120 வந்ததே என்பீர்கள். மீதியை நாலாக வகுத்தால் தப்பாக வகுத்தாலும் மொத்தம் வந்துதான் தீரும். அது கூட்டலைத்தான் சோதிக்கும், பங்கைச் சோதிக்காது. உங்கள் நண்பர் 220 கூடக் கொடுத்திருக்கிறார்: தொடாத தட்டுக்கு 150, மற்றவர்களின் வரியிலும் டிப்ஸிலும் 70.

நிலவன்:
எங்கள் குழுவில் எப்போதும் நான்தான் முதலில் மொத்தத்தையும் கட்டுகிறேன். அப்புறம் ஒருவர் மாசக்கணக்கில் இழுக்கிறார். நேரில் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
நண்பரே, அது வசூல் பிரச்சினை. இங்கே பேசுவது பங்கு பற்றி.

மழைத்துளி:
இந்த 1.2 முறை எங்களுக்கு ஒருமுறை சரிப்படவில்லை. பானங்களுக்கு வரி வேறு விகிதம், பில்லில் இரண்டு வரிகள் தனித்தனியாக இருந்தன. ஒரே எண்ணால் பெருக்கியதில், தண்ணீர் மட்டும் குடித்தவர் தலையிலும் பானத்தின் வரி கொஞ்சம் ஏறிவிட்டது. பிறகு சாப்பாட்டுக்கு ஒரு எண், பானத்துக்கு ஒரு எண் என்று இரண்டாகப் பிரித்தோம். ஒரே ஒரு தட்டுக்குத் தள்ளுபடி கிடைத்தாலும் இதே கதைதான். அதை அந்தத் தட்டிலேயே முதலில் கழித்துவிட வேண்டும்.

இன்னொன்று: சேவைக் கட்டணம் என்று பில்லிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது தெரியாமல் மேலே டிப்ஸும் வைத்துவிட்டு, இரண்டையும் பங்கு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்க்குருவி:
மிக்க நன்றி. கணக்கைக் குழுவில் போட்டேன், யாரும் மறுக்கவில்லை. இரண்டாமவர் 140, நான் 60, மூன்றாமவர் 20 என்று 220-ஐயும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 700-க்குத் தனியாக வாங்கியவரிடமிருந்துதான் அதிகம் வந்தது, அதுவே நியாயமாகப் பட்டது.

கடைசி பெஞ்ச்:
சரி, 363-ஐ விட்டுவிடுகிறேன். ஆனால் டிப்ஸ் விஷயத்தில் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. பரிமாறியவர் நாலு பேருக்கும் ஒரே மாதிரிதான் ஓடினார். டிப்ஸை மட்டும் தலைக்கு 65 என்று சமமாகப் போட்டால் அந்த நண்பர் 395 தர வேண்டும், 360 அல்ல.

மழைத்துளி:
அப்படியும் செய்யலாம். ஆனால் அதைப் பில் வருவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொகை தெரிந்த பிறகு அவரவர் தமக்குக் குறைவாக வரும் முறையைத்தான் நியாயம் என்பார்கள்.