கோழிக்கருவின் மேலடுக்கில் வைத்த சாயம் குடலில் தெரிகிறது: கசிவா, உண்மையிலேயே செல் போய்ச் சேர்ந்ததா?

கயல்

வணக்கம். முதுகலை விலங்கியல் செய்முறைத் திட்டத்துக்காக, கேஸ்ட்ருலேஷன் சமயத்தில், அதாவது கருவின் மூன்று செல் அடுக்குகள் பிரியும்போது, கோழிக்கருவின் செல்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். முட்டையைச் சுமார் 15 மணி நேரம் அடைவெப்பத்தில் வைத்து, வடிதாள் வளையத்தில் கருவை ஒட்டி எடுத்து, அல்புமின் கலந்த அகார் தட்டில் வளர்க்கிறேன். அந்த நேரத்தில் கரு, ஹாம்பர்கர்-ஹாமில்டன் வளர்ச்சி அட்டவணைப்படி, நிலை 3-ஐத் தாண்டி 4-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஸ்ட்ரீக், அதாவது மேலடுக்குச் செல்கள் உள்ளே இறங்கும் நீளக் கோடு, நன்றாகத் தெரியும். அதன் முன் முனைக்குச் சற்றுப் பின்னால் டைஐ என்ற ஒளிரும் சாயத்தை நுண்குழாயால் ஒரு சிறு புள்ளியாக வைத்தேன்.

ஒரு நாள் கழித்துப் பார்த்தால், பின்னால் முதுகெலும்பும் தசையும் ஆகும் சோமைட்டுகள் வரிசையாக வந்திருக்கின்றன, இதயக் குழாயும் உருவாகத் தொடங்கியிருக்கிறது. ஆனால் சாயம் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. மேலடுக்கில் வைத்ததால் தோலிலும் நரம்புக்குழாயிலும் இருக்கும் என்று நினைத்தேன். அங்கே ஒன்றுமில்லை. இரண்டு பக்கச் சோமைட்டுகளிலும், முன்குடலின் சுவரிலும், அதற்குப் பின்னால் இன்னும் மூடாமல் தட்டையாக இருக்கும், குடலின் உள்பூச்சாகப்போகும் எண்டோடெர்ம் படலத்திலும் ஒளிர்கிறது. சாயம் கசிந்துவிட்டதா? முறையை மாற்ற வேண்டுமா?

வல்லபன்

கசிவுதான். மேலே இருப்பது எபிபிளாஸ்ட், அதிலிருந்து எக்டோடெர்ம் வரும். கீழே இருப்பது ஹைப்போபிளாஸ்ட், அதிலிருந்து எண்டோடெர்ம் வரும். ஸ்ட்ரீக் வழியாக நடுவில் இறங்கும் செல்கள் மீசோடெர்ம் ஆகும். அதனால் சோமைட்டில் தெரிவது சரி. குடலில் தெரிவதற்கு வழியே இல்லை. நுண்குழாயை அதிகமாக அழுத்தியிருப்பீர்கள், சாயம் கீழ் அடுக்கில் இறங்கியிருக்கும். சாயக் கரைசலில் எத்தனால் எவ்வளவு?

கயல்

எத்தனாலில் கரைத்த மூலக் கரைசலை 0.3 மோலார் சுக்ரோஸில் பத்தில் ஒரு பங்காக நீர்த்தேன். மெதுவாகத்தான் அழுத்தினேன்.

மாறன்

வல்லபன் சொன்னதில் ஸ்ட்ரீக் பற்றிய பகுதி சரி. கசிவைச் சந்தேகிப்பதும் சரி. ஆனால் ஹைப்போபிளாஸ்ட்டிலிருந்து குடல் வருகிறது என்பது சரியில்லை. கோழியில் மூன்று அடுக்குகளுமே எபிபிளாஸ்ட்டிலிருந்துதான் வருகின்றன. ஸ்ட்ரீக் வழியாக முதலில் இறங்கும் செல்களில் ஒரு பகுதி கீழே இருக்கும் ஹைப்போபிளாஸ்ட்டுக்குள் நுழைந்து, அதை முன்னாலும் ஓரத்துக்கும் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. குடல் எண்டோடெர்ம் அதுதான். தள்ளப்பட்ட ஹைப்போபிளாஸ்ட் கருவின் தலைக்கு முன்னால் ஒரு பிறை வடிவப் பகுதியில் போய் ஒதுங்கிவிடும். பிறகு வரும் கருவின் உடலில் அதற்கு இடமில்லை.

அப்புறம் இறங்குபவை எண்டோடெர்முக்கும் எபிபிளாஸ்ட்டுக்கும் இடையில் பரவி மீசோடெர்ம் ஆகின்றன. கடைசிவரை இறங்காமல் மேலேயே தங்கிவிடுபவைதான் எக்டோடெர்ம். ஆகவே ஸ்ட்ரீக்கின் மேல் சாயம் வைத்துவிட்டு அது தோலில் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அங்கே இருந்த செல்கள் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியவை. தோலும் நரம்புக்குழாயும் வேண்டுமானால் ஸ்ட்ரீக்கிலிருந்து விலகி வைக்க வேண்டும்: ஸ்ட்ரீக்கின் முன் முனைக்கும் முன்னால் வைத்தால் நரம்புத்தட்டில் வரும், இன்னும் வெளியே வைத்தால் தோலின் மேல்படலத்தில் வரும்.

சோமைட்டும் குடலும் சேர்ந்து வருவதற்குக் காரணம் நேரம். ஸ்ட்ரீக்கின் முன்பகுதியில் நிலை 3-இல் எண்டோடெர்ம் செல்களும் மீசோடெர்ம் செல்களும் கலந்து இறங்குகின்றன. நிலை 4 வரும்போது எண்டோடெர்ம் இறங்குவது ஏறக்குறைய முடிந்துவிடும். அதே இடத்தில் மூன்று நான்கு மணி நேரம் கழித்து வைத்துப் பாருங்கள், குடலில் ஒளிர்வு குறைய வேண்டும். அப்படிக் குறையாவிட்டால் கசிவுக்கு வாய்ப்பு அதிகம்.

இன்னொரு கேள்வி. தட்டில் வைத்தபோது கருவின் எந்தப் பக்கம் மேலே இருந்தது?

கயல்

மஞ்சள்கருவைப் பார்த்திருந்த பக்கம் மேலே. வளையத்தோடு தூக்கி, திருப்பி, ஒட்டியிருந்த மஞ்சள்கருவை உப்புக் கரைசலில் கழுவி, அப்படியே வைத்தேன். செய்முறையில் அப்படித்தான் இருந்தது.

மாறன்

வளர்ப்பதற்கு அது சரியான முறைதான். ஆனால் அந்த நிலையில் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பது கருவின் வயிற்றுப்பக்கம், அதாவது கீழ் அடுக்கு. எபிபிளாஸ்ட் அடியில், மஞ்சள்கரு உறையை ஒட்டி இருக்கிறது. மேலிருந்து நுண்குழாயை இறக்கினால் முதலில் தொடுவது கீழ் அடுக்கைத்தான். அதைத் துளைத்த பிறகே ஸ்ட்ரீக் செல்களைத் தொடும். சோமைட்டில் சாயம் வந்ததால் ஸ்ட்ரீக் செல்களைத் தொட்டிருக்கிறீர்கள் என்பது உறுதி. குடலில் தெரிவது அவற்றோடு இறங்கியதா, போகிற வழியில் நேராகச் சாயம் பட்டதா என்பதை இந்தக் கருக்களை வைத்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சாயம் வைத்த உடனேயே சில கருக்களை நிலைப்படுத்தி, குறுக்கே வெட்டிப் பாருங்கள். அந்த நொடியிலேயே கீழ் அடுக்கு ஒளிர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் முதுகுப்பக்கத்திலிருந்து வையுங்கள். வளையத்தைத் திருப்பிப் பிடித்து, மஞ்சள்கரு உறையின் வழியாக மெல்லிய முனையைச் செலுத்தி, உறைக்கும் எபிபிளாஸ்ட்டுக்கும் இடையில் மிகச் சிறிய அளவு விட்டுவிட்டு, பழையபடி வயிற்றுப்பக்கம் மேலே இருக்குமாறு வளர்க்கலாம். கூடவே ஒரு தொகுதியில் வேண்டுமென்றே கீழ் அடுக்கில் மட்டும் சாயம் வையுங்கள். அதில் சோமைட் ஒளிரவே கூடாது.

ரேவதி

வெட்டும்போது கவனம். மெழுகில் பதித்தால் ஆல்கஹாலும் சைலீனும் டைஐ சாயத்தைக் கரைத்து எடுத்துவிடும், கடைசியில் எங்கேயும் ஒளிர்வு இல்லை என்று தோன்றும். உறைநிலை வெட்டு எடுங்கள், அல்லது அதிர்வு வெட்டுக் கருவியில் தடிமனாக வெட்டுங்கள். டிரைட்டான் போன்ற சோப்பும் போட வேண்டாம். சாயம் செல்சவ்வின் கொழுப்பில் உட்கார்ந்திருக்கிறது, சவ்வு கரைந்தால் அது பக்கத்துச் செல்லில் ஒட்டிக்கொள்ளும். அப்படி வரும் கசிவு வளர்ப்பில் நடந்தது போலவே தெரியும்.

நிலாவின் அப்பா

இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. என் மகளுக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்கள் இல்லை என்று சொல்லி, பிறந்த சில மாதங்களில் அந்தப் பகுதியை எடுத்தார்கள். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்றார்கள். மேலே படித்ததை வைத்துக் கேட்கிறேன்: அவளுடைய எண்டோடெர்ம் கீழே இறங்கும்போதே ஏதாவது தவறிப்போனதா?

மாறன்

இல்லை அண்ணா. எண்டோடெர்முக்கு இதில் பங்கில்லை. உங்கள் கேள்வி கயலுக்கும் உதவும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடல் முழுவதும் ஒரே அடுக்கிலிருந்து வருவதில்லை. உணவைத் தொடும் உள்பூச்சு எண்டோடெர்ம். கல்லீரல் செல்களும் கணையச் செல்களும் இதே படலம் புடைத்து உருவானவை. அதைச் சுற்றியுள்ள தசை, இணைப்புத்திசு, ரத்தக்குழாய் எல்லாம் மீசோடெர்ம். அந்தத் தசையை அசைக்கும் நரம்புச் செல்கள் எக்டோடெர்மிலிருந்து, நரம்புக்குழாய் மூடும் விளிம்பில் பிறக்கும் நியூரல் கிரெஸ்ட் செல்களிலிருந்து வருகின்றன. இவை பெரும்பாலும் கழுத்துப் பகுதியில் கிளம்பி, குடலுக்குள் நுழைந்து, அதன் முழு நீளமும் வாயிலிருந்து ஆசனவாய் நோக்கி நடந்து போகின்றன. பிரெஞ்சுக் கருவியலாளர் லெ டுவாரன் காடைக்கருவின் நரம்புக்குழாய்த் துண்டைக் கோழிக்கருவில் பொருத்தி, காடைச் செல்லின் அணுக்கருவை அடையாளமாக வைத்து இந்தப் பாதையைக் காட்டினார். குடல் நரம்பு பற்றிய முடிவு சக ஆய்வாளர் டெயேயுடன் சேர்ந்து 1973-இல் வந்தது.

மனிதக் கருவில் கேஸ்ட்ருலேஷன் 3-வது வாரத்தில் நடக்கிறது. இந்த நடை அதற்குப் பிறகு, 4-வது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 7-வது வாரம் வரை நீள்கிறது. பாதையின் முடிவு பெருங்குடலின் கடைசிப் பகுதி. செல்கள் போதுமான எண்ணிக்கையில் பெருகாவிட்டாலோ மெதுவாக நகர்ந்தாலோ, விடுபடுவது எப்போதும் அந்தக் கடைசிப் பகுதிதான். ஆர்ஈடி என்ற மரபணுவின் மாற்றம் இதில் முக்கியமான காரணங்களில் ஒன்று. உங்கள் மகளின் குடல் உள்பூச்சும் தசையும் தத்தம் இடத்தில் உருவாகித்தான் இருந்தன, அவற்றை இயக்க நரம்பு வந்து சேரவில்லை. அறுவை சிகிச்சையில் நரம்புச் செல் இருக்கும் பகுதி எங்கே தொடங்குகிறது என்று திசு வெட்டிப் பார்த்து, அதைக் கீழே இழுத்து இணைத்திருப்பார்கள்.

நிலாவின் அப்பா

ஆமாம், நடுவில் திசு எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். எதற்கென்று இப்போதுதான் புரிகிறது தம்பி. நன்றி.

வல்லபன்

மாறன், ஹைப்போபிளாஸ்ட் பற்றி ஒரு சந்தேகம். மனிதக் கருவில் மஞ்சள்கருப் பையின் உள்படலம் ஹைப்போபிளாஸ்ட்தானே? அந்தப் பையின் கூரைதானே மடிந்து குடல் ஆகிறது?

மாறன்

பையின் கூரை மடிந்து குடலாவது சரி. ஆனால் மடிவதற்கு முன்பே அந்தக் கூரையில் எபிபிளாஸ்ட் செல்கள் குடியேறிவிடுகின்றன. பழைய செல்கள் ஒன்றுவிடாமல் வெளியேறுகின்றனவா என்பது வேறு கேள்வி. எலியில் அந்தச் செல்களை அடையாளமிட்டுப் பார்த்தபோது, ஒரு சிறு பகுதி குடல் படலத்துக்குள்ளேயே கலந்து தங்கிவிடுவது தெரிந்தது. மனிதக் கருவில் அப்படிச் சாயம் வைத்துப் பார்க்க முடியாது.

கயல்

முடிவோடு வந்திருக்கிறேன். வயிற்றுப்பக்கத்திலிருந்து சாயம் வைத்து உடனே நிலைப்படுத்திய கருக்களில் கீழ் அடுக்கும் ஒளிர்ந்தது, ஆக முதல் தொகுதியை நம்ப முடியாது. முதுகுப்பக்கத்திலிருந்து வைத்தவற்றில் உடனே எடுத்த வெட்டுகளில் கீழ் அடுக்கு சுத்தமாக இருந்தது. அவற்றோடு வைத்து ஒரு நாள் வளர்த்தவற்றில் சோமைட்டிலும் குடல் எண்டோடெர்மிலும் ஒளிர்வு இருக்கிறது. நிலை 4-இல் வைத்தவற்றில் குடலில் மிகக் குறைவு. கீழ் அடுக்கில் மட்டும் வைத்தவற்றில் சோமைட் இருட்டாகவே இருந்தது, தலைக்கு முன்னால் மட்டும் ஒளிர்ந்தது.

ஒன்று புரியவில்லை. முதுகுப்பக்கத் தொகுதியில் ஒரு கருவில் நரம்புக்குழாயின் அடிப்பகுதியில் மெல்லிய கோடாக ஒளிர்வு தெரிகிறது. அப்புறம், சோமைட்டுக்கும் குடலுக்கும் போனவை ஒரே செல்லின் வாரிசுகளா?

மாறன்

அந்தக் கருவில் புள்ளி கொஞ்சம் முன்னால் போய், ஸ்ட்ரீக்கின் முன் முனையில் இருக்கும் ஹென்சன் கணுவைத் தொட்டிருக்கலாம். கணுவில் வைத்தால், நரம்புக்குழாய்க்குக் கீழே தண்டுபோல் ஓடும் நோட்டோகார்டும் நரம்புக்குழாயின் அடியும் ஒளிர்வது வழக்கம். அந்த அடிப்பகுதி கணுச் செல்களிலிருந்தே வருகிறதா, நோட்டோகார்டின் தூண்டுதலில் நரம்புத்தட்டிலிருந்து உருவாகிறதா என்று ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. உங்கள் ஒரு கருவை வைத்து எந்தப் பக்கமும் சாய வேண்டாம். நோட்டோகார்டிலும் ஒளிர்வு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு டைஐ பதில் சொல்லாது. உங்கள் புள்ளி பல செல்களை நனைக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் தனித்தனியே போயிருந்தாலும் இதே படம்தான் வரும். ஒரே ஒரு செல்லுக்குள் டெக்ஸ்ட்ரானில் கட்டிய சாயத்தைச் செலுத்த வேண்டும், அதற்கு வேறு கருவி தேவை. திட்ட அறிக்கையில் "இந்தப் பகுதியின் செல்கள்" என்று எழுதுங்கள், "இந்தச் செல்" என்று எழுத வேண்டாம்.

கயல்

நோட்டோகார்டிலும் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அந்தக் கருவைத் தனியாகக் குறித்து வைக்கிறேன்.