சிட்டோஸ்டெரோலீமியா: சமையல் எண்ணெய் பற்றி உதவி தேவை

என் மகளுக்கு 8 வயது. முழங்கையில் மஞ்சள் கட்டிகள், கொலஸ்ட்ரால் 480. எங்கள் இருவருக்கும் கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தும் அளவு இறங்கவே இல்லை. கடைசியில் மரபணுப் பரிசோதனையில் ஏபிசிஜி8 என்ற மரபணுவில் கோளாறு என்றும், நோய் சிட்டோஸ்டெரோலீமியா என்றும் தெரிந்தது. எண்ணெய், விதைகளில் இருக்கும் கொலஸ்ட்ரால் போன்ற தாவர ஸ்டெராலைக் குடல் வெளியே தள்ளாமல் ரத்தத்தில் சேர்த்துவிடுகிறதாம். சாதாரண ரத்தப் பரிசோதனை அதையும் கொலஸ்ட்ராலாகவே எண்ணிவிடும்.

இப்போது குடல் ஸ்டெராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் மாத்திரை தினமும் 10 மி.கி. கொடுக்கிறோம். நல்லெண்ணெய், கடலை, எள் எல்லாம் நிறுத்தியாயிற்று. இதயத்துக்கு நல்லதென்று விற்கும் தவிட்டெண்ணெயில்தான் ஸ்டெரால் மிக அதிகம், கவனியுங்கள்.

இதே நோயுள்ள குழந்தைக்குச் சமைப்பவர்கள் எந்த எண்ணெயில் தாளிக்கிறீர்கள்? அப்புறம், ரத்தத்தில் சிட்டோஸ்டெரால் என்ற தாவர ஸ்டெராலைத் தனியாக அளக்கும் ஆய்வகம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? மாத்திரை வேலை செய்கிறதா என்று அதைப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.