தொண்டை வலி என்று ஓட்டிய நாட்கள், கடைசியில் கடைவாய்ப்பல்

மதுரைக்காரன்:
எச்சில் விழுங்கினால் வலது பக்கம் காதுவரை சுண்டி இழுக்கும். சளி, இருமல் எதுவும் இல்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன், குறைந்தது. சரி, தொண்டைதான் என்று விட்டுவிட்டேன். பத்து நாளில் திரும்ப வந்தது. இட்லியை விண்டு விண்டு உள்ளே தள்ள வேண்டியிருந்தது, வாய் அவ்வளவுதான் திறந்தது. பல் டாக்டர் பார்த்தார். கீழே கடைசிப் பல், அதாவது ஞானப்பல், பாதிதான் முளைத்திருக்கிறது, மேலே ஈறு மூடி மாதிரி கிடக்கிறது. அந்த மூடிக்கு அடியில் சிரிஞ்சால் உப்புநீரைப் பீய்ச்சினார். சீழோடு வெளியே வந்தது ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு. நான் கறிவேப்பிலையை ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிறவன்!

செல்வி:
எனக்கும் அப்படித்தான். ஒரு பக்கம் வலித்தால் பல், இரண்டு பக்கமும் வலித்தால் தொண்டை, அவ்வளவுதான் கணக்கு. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க அடக்கி வையுங்கள் தம்பி. வெளியே கன்னத்தில் சூடு ஒத்தடமும் கொடுங்கள்.

கரிசல்:
செல்வி அக்கா கணக்கு என் தம்பிக்குத் தப்பியது. அவனுக்கும் ஒரே பக்கம்தான், வாயும் திறக்கவில்லை. பல் என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினோம். சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி குரல் குழறியது. கடைசியில் டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ். காது மூக்கு தொண்டை டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்தார்.

பல்லாண்டு (பல் மருத்துவர்):
கரிசல் சொல்வது சரி. பல்லா தொண்டையா என்று பார்க்க, கையைக் கழுவிவிட்டுக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறை விரலால் மெல்ல அழுத்துங்கள். அங்கேயே துள்ளினால், வாயில் கெட்ட சுவையும் இருந்தால், பெரும்பாலும் பல்தான். டார்ச் அடித்தால் உள்நாக்கு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தால் தொண்டைச் சீழ். இரண்டும் தெளிவாக இல்லை என்றால் யூகிக்க வேண்டாம், நேரில் காட்டுங்கள். மாத்திரையில் குறைவதை வைத்தும் முடிவு கட்ட முடியாது, பல் சீழும் கொஞ்ச நாள் அடங்கும். மூடிக்கு அடியில் உணவு தங்கும்வரை திரும்ப வரும். கிராம்பு எண்ணெயை ராத்திரி முழுக்க வைத்தால் ஈறு வெந்துபோகும். ஒத்தடமும் வேண்டாம். நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் மூச்சுத் திணறினால், ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆனந்தி:
என் மகளுக்கு ஆறு வயது. கடைசியில் புதுப் பல் முளைக்கிறது, ஈறு வீங்கியிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

பல்லாண்டு:
ஐயோ, அது ஞானப்பல் இல்லைம்மா! ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். தேய்த்துச் சுத்தமாக வையுங்கள், வீக்கம் குறையாவிட்டால் காட்டுங்கள்.

மதுரைக்காரன்:
என் பல்லை எடுக்கத்தான் வேண்டுமா டாக்டர்? எக்ஸ்ரேயில் படுத்துக் கிடக்கிறது. ஒருவர் எடு என்கிறார், இன்னொருவர் மறுபடி வலித்தால் பார்க்கலாம் என்கிறார்.