புதுப்பிப்பு: மொட்டைமாடி நிழல் கடிகாரம், சென்னை

“குச்சியை 13 டிகிரிதான் சாய்த்தேன். அப்படியும் நிழல் ஏன் கைக்கடிகாரத்தைவிடப் பிந்துகிறது?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

தரையிலிருந்து 13 டிகிரி என்றால் சாய்வைத் தொடாதீர்கள், அது சென்னையின் அட்சரேகை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, சென்னை 80.27. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால், இங்கே சூரியன் 9 நிமிடம் பிந்தும். பிப்ரவரி நடுவில் இன்னொரு 14 நிமிடம் சேரும் என்று இங்கே ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார், அதுதான் சரி. அப்போது சூரியன் உச்சிக்கு வருவது 12:23-க்கு. நவம்பர் தொடக்கத்திலோ 11:53-க்கே.

வடக்கைக் கண்டுபிடிக்க போன் காம்பஸே போதும் என்றவர் சொன்னது பாதி சரி. தளத்துக்குள் உள்ள இரும்புக் கம்பி முள்ளை இழுக்கும். அந்த உச்சி நேரத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழலைக் கோடாக வரையுங்கள், அதுவே வடக்கு-தெற்குக் கோடு. குச்சியின் உயர்ந்த முனை அதில் வடக்கே பார்க்கட்டும்.

மதுரை நண்பருக்குச் சாய்வு 10 டிகிரி. வெயில் வராத பால்கனியில் எப்படி வைப்பது என்றவருக்குச் சொல்ல எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.