வியாழன் காலை போன் நேர்காணல்: அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி

கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்காக வியாழன் காலை 10 மணிக்கு அழைக்கிறார்கள். ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். போன முறை உள்ளே இருந்து கதைத்து, குரல் விட்டுவிட்டுக் கேட்டு, வாய்ப்புப் போய்விட்டது. இந்த முறை கிணற்றடி மாமரத்தின் கீழ் கதிரை போட்டு, வயர் இயர்போனும் அச்சிட்ட சிவியுமாக இருப்பேன். அங்கே மூன்று கோடு வரும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் ஒரு நிமிடப் பதில் இருக்கிறது: மூன்றாம் வருடம், நெல் ஆலைக் கணக்குக்குச் செய்த செயலி, அதில் நான் எழுதிய பகுதி. எப்போது தொடங்கலாம், கொழும்பில் தங்கலாமா என்பதற்கும் சரி. "எவ்வளவு கொடுப்பனவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால்தான் தடுமாறுகிறேன். தொகை சொல்லவா, அவர்களின் வரம்பை முதலில் கேட்கவா? அப்புறம், புதன் இரவு யாராவது 15 நிமிடம் போனிலேயே ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பழக்குவீர்களா?