'ஆஸ் ஆஃப் ரைட்': வழிநடை வழக்குகளுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்துக்குப் பொதுமக்கள் படிக்கிற மாதிரி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈஸ்மென்ட் என்பது அடுத்தவர் நிலத்தின்மேல் ஒருவருக்கு இருக்கும் வழி, வாய்க்கால் போன்ற உரிமை. ஈஸ்மென்ட்டுக்கு 'வசதியுரிமை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்', 'வாய்க்கால் பாத்தியம்' என்றே எழுதுகிறார்கள். அதில் எனக்குச் சிரமம் இல்லை.

15ஆம் பிரிவில்தான் நின்றுவிட்டேன். அடுத்தவர் நிலத்தின் வழியாக ஒருவர் 20 ஆண்டு அமைதியாக, வெளிப்படையாக, இடையறாமல், 'ஆஸ் ஆஃப் ரைட்' போய்வந்தால் அந்த வழி அவருக்குப் பாத்தியமாகிறது. அந்தக் கடைசிச் சொல்லுக்கு 'உரிமையாக' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த தோழி, "உரிமையா வீட்டுக்குள்ள வந்துபோறவங்க மாதிரியா?" என்று கேட்டாள். பழகிய பாசத்தில் வந்துபோவதையும் நாம் உரிமை என்றுதானே சொல்கிறோம்! அப்படிப் போனால் எத்தனை வருடமானாலும் பாத்தியம் பிறக்காது. சட்டத்துக்கு நேர்மாறான பொருள் வந்துவிடுகிறது. வேறு சொல் தாருங்கள்.

அன்பழகன்:

அம்மா, 'சொந்தம்போல' என்று எழுதலாமே. 12 ஆண்டு யாரும் கேட்காமல் அனுபவித்தால் நிலம் அவருக்கே என்பதுதானே சட்டம்? இதுவும் அதே வகைதான்.

குமரேசன் (வழக்கறிஞர்):

அன்பழகன் ஐயா சொல்வதில் பாதி சரி. இரண்டுமே காலம் கனிந்து வருகிற உரிமைகள். ஆனால் 12 ஆண்டுக் கணக்கு எதிரிடை அனுபவத்துக்கு உரியது. அங்கே "இந்த நிலமே என்னுடையது" என்று வைத்திருக்க வேண்டும். பாத்தியத்தில் "நிலம் உன்னுடையது, நடக்கும் உரிமை என்னுடையது" என்பதுதான் நிலை. தன் நிலத்தின்மேல் தனக்கே ஈஸ்மென்ட் கிடையாது. 'சொந்தம்போல' என்று கையேட்டில் அச்சானால், அதைப் படித்தவர் மனுவிலும் அப்படியே எழுதுவார். நிலம் தனது என்று மட்டும் வழக்குப் போட்டவருக்கு, அவர் கேட்காத ஈஸ்மென்ட்டை நீதிமன்றம் தானாக எடுத்துக் கொடுக்க முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

செல்வி அம்மா, நீங்கள் தேடும் சொல்லுக்கு அடியில் இருப்பது ரோமானியச் சட்டத்தின் மூன்று விலக்குகள்: வம்பு செய்து போகக் கூடாது, ஒளிந்து போகக் கூடாது, கேட்டு வாங்கிய அனுமதியில் போகக் கூடாது. முதல் இரண்டையும் 'அமைதியாக', 'வெளிப்படையாக' என்று 15ஆம் பிரிவே தனியாகச் சொல்லிவிடுகிறது. மூன்றாவதை மட்டும் உங்கள் சொல் சுமந்தால் போதும்.

முருகேசன்:

வணக்கம். நான் விவசாயி, கோபி பக்கம். சொல் எப்படியோ இருக்கட்டும், எங்க பிரச்சினைக்கு ஒரு வழி சொல்லுங்க.

தாத்தா 1979ல வாங்கின காடு ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்கு. அன்னைல இருந்து முன்னால இருக்கற காட்டுக்காரர் வரப்பை ஒட்டி எட்டடி வண்டித்தடத்துலதான் போய்வர்றோம். வாங்கின புதுசுல இருந்தே வருஷா வருஷம் தை மாசம் தாத்தா அவங்களுக்கு ஒரு மூட்டை கடலைக்காய் கொடுப்பாரு. அப்பாவும் கொடுத்தாரு. இப்ப அவங்க பையன் போன வருஷம் கம்பிவேலி போட்டுட்டான். அப்பவே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தோம். டிராக்டர் போக முடியல, கரும்புக்கட்டு ஆள் தலையிலதான் வெளிய வருது. நாப்பது வருஷத்துக்கு மேல போன தடம், சட்டப்படி எங்களுதுதானே?

குமரேசன்:

தம்பி, நாற்பது வருடம் ஆனது மட்டும் போதாது. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிய வேண்டும். வேலி விழுந்ததும் சும்மா இருந்துவிட்டு ஐந்தாவது வருடம் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். இன்னொன்று, தடுப்பு இன்னார் போட்டது என்று தெரிந்தும் ஒரு வருடம் பொறுத்துக்கொண்டால்தான் அது சட்டப்படி 20 ஆண்டுக் கணக்கை முறிக்கும் இடையூறு ஆகும். நீங்கள் அப்போதே எழுதிக் கொடுத்தது நல்லது. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு வருடம் முடியுமுன் வழக்கு பதிவாகிவிட வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அந்த ஒரு மூட்டை கடலைக்காய்தான். எதிர்த்தரப்பு வக்கீல், "வருஷா வருஷம் கொடுத்து அனுமதி வாங்கித்தான் போனீர்கள்" என்பார். அதை நீதிபதி ஏற்றால் அது வெறும் அனுமதி, 40 வருடமும் கணக்கில் வராது. "அக்கம்பக்கத்து மரியாதைக்குக் கொடுத்தோம்" என்று நீங்கள் சொல்வீர்கள். எதை நம்புவது என்பது சாட்சிகளைப் பொறுத்தது. கொடுக்காத வருடம் ஏதாவது உண்டா? அந்த வருடமும் வண்டி போனதா? போயிருந்தால் அதைச் சொல்லத் தெரிந்த பழைய ஆள் ஒருவரைப் பிடியுங்கள்.

செல்வி:

என் கேள்விக்கே இது உதவுகிறது. பார்த்தும் பேசாமல் இருந்தால் பாத்தியம் வளர்கிறது, "போய்க்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வளர்வது நின்றுபோகிறது. அப்படியானால் 'கேளாநடை' பொருந்துமா? கேட்காமல் நடப்பது.

அன்பழகன்:

12 ஆண்டுச் செய்தியைத் திருத்தியதற்கு நன்றி. 'கேளாநடை' காதுக்கு இனிமை, ஆனால் வாய்க்கால், வெளிச்சம், கூரைத் தண்ணீர் இதற்கெல்லாம் நடை ஏது? 'இரவா அனுபவம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். இரந்து பெறாத அனுபவம்.

செல்வி:

பொருள் மிகச் சரி, ஐயா. ஆனால் 'இரவா' என்றதும் படிப்பவருக்கு ராத்திரிதான் நினைவு வரும். ராத்திரி ஒளிந்து போவதைச் சட்டமே விலக்குகிறது.

யாழினி:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட காணி உறுதிகளில 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்' எண்டு எழுதுவினம். அங்க 'உரித்து' எண்டால் காணியோட ஒட்டிப் போறது, ஆளோட போறதில்லை. 'உரித்தாக அனுபவித்தல்' எண்டு போட்டால் பாசக் கருத்து வராது. எங்கட சட்டம் வேற, 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி பத்து வருஷம் போதும். ஆனால் சொல்லை எடுக்கிறதுக்குத் தடை இல்லைத்தானே.

குமரேசன்:

'உரித்து' எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்குப் பழகுமா என்பது தெரியவில்லை. நான் மனுக்களில் 'பாத்தியமாக' என்றே எழுதுகிறேன், எந்த முன்சீப்பும் இதுவரை பொருள் கேட்டதில்லை.

முருகேசன் தம்பி, இன்னொரு பாதையும் இருக்கிறது. உங்கள் காடும் முன் காடும் ஒரு காலத்தில் ஒரே ஆள் கையில் இருந்து, அவர் பின்பக்கத்தை விற்றதால் பிரிந்தவையா? அப்படியானால், வேறு வழியே இல்லாத பட்சத்தில், பிரிந்த அன்றே அவசியத்தால் வழி உரிமை பிறந்துவிடுகிறது. 20 வருடக் கணக்கும் வேண்டாம், கடலைக்காய்ப் பேச்சும் தடையாகாது. ஆனால் வேறு பக்கம் உங்களுக்குத் தடம் கிடைத்தால் அந்த உரிமை போய்விடும்.

முருகேசன்:

ரெண்டும் ஒரே சர்வே நம்பர்தாங்க சார், உட்பிரிவு மட்டும் வேற. பத்திரத்துல 'மாமூல் வழிநடைப் பாத்தியம் சகிதம்'னு இருக்கு.

குமரேசன்:

யார் விற்ற பத்திரம் என்று பாருங்கள். விற்றவரிடம் அன்று முன் காடும் இருந்திருந்தால் அந்த வரியே அவர் உங்களுக்குக் கொடுத்த வழி. இல்லாவிட்டால், அடுத்தவர் நிலத்தில் வழி கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, அது வெறும் எழுத்து. 1979க்கு முந்தைய வில்லங்கச் சான்று இரண்டு உட்பிரிவுக்கும் போட்டு, மூலப் பத்திரத்தின் நகலோடு வாருங்கள்.

செல்வி:

இப்போதைக்கு 'பாத்தியமாக' என்று வைத்து, "அனுமதி கேட்டுப் பெறாமல்" என்ற விளக்கத்தை அதே வரியில் சேர்க்கிறேன். 'உரித்தாக' என்பதையும் பக்கத்தில் தருகிறேன். அன்பழகன் ஐயாவுக்கு இதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றினால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.