பார்வர்ட் ஆகி ஆகி கட்டம் விழுந்த முகப்படம்: உங்கள் அனுபவம் என்ன?

பழையபிலிம்

மூன்று மாதமாக இது மனதை விட்டுப் போகவில்லை.

சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ. ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். மனைவி தவறி ஒன்பது நாள். பதினாறாம் நாளுக்குள் 12க்கு 18 பிரேம் வேண்டும், மாலை போட. பேரன் போனில் இருந்து அனுப்பியது யாரோ ஸ்டேட்டஸில் வைத்ததை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அது நாலு குரூப் சுற்றி வந்த படம். முகம் முழுக்கக் கட்டம். நெற்றிக் குங்குமம் மட்டும் தீப்பெட்டி மாதிரி சதுரமாக வழிந்திருந்தது.

மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டையை வெட்டினால் 1080க்கு 1620. பெரிதாக்கிக் கட்டத்தை அளந்தேன். JPEG படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டமாகப் பிரித்துத்தான் சுருக்கும். அந்த எட்டு இங்கே பன்னிரண்டாக இருந்தது. அதாவது உண்மையான படம் 720 அகலம்தான், போன் திரை அதை ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டியிருக்கிறது. அதனால் முதல் வேலையாக 720க்குத் திரும்பச் சுருக்கினேன். இழுத்த படத்தின் மேல் என்ன பில்டர் போட்டாலும் கட்டத்தின் ஓரம் இரண்டு மூன்று பிக்சலுக்குப் பரவி நிற்கும், பிடிபடாது.

அப்புறம் போட்டோஷாப்பில் 16 பிட்டுக்கு மாற்றி, Lab Color. நிறம் இருக்கிற a, b இரண்டிலும் Median ஐந்து பிக்சல். கன்னத்தில் இருந்த பச்சையும் ஊதாவுமான திட்டுகள் அதிலேயே போய்விட்டன. வெளிச்சம் மட்டும் இருக்கிற L சேனலில் Surface Blur, ஆரம் 5, த்ரெஷோல்ட் 9. கண், புருவம், மூக்குத் துவாரம், உதட்டுக் கோடு எல்லாவற்றையும் மாஸ்க் போட்டு ஒதுக்கினேன். இடது மூக்கின் மேல் ஒரு பழுப்புக் கறை மிச்சம் இருந்தது. கட்டத்தின் அழுக்குதான் என்று ஹீலிங் பிரஷ்ஷில் ஒரே தடவை தேய்த்தேன், சுத்தமாகிவிட்டது. நாலு மடங்கு பெரிதாக்கி, இரண்டு சதவீதம் ஒரே நிறப் புள்ளி தூவி, பிரிண்ட் போட்டேன். எனக்கே திருப்தி.

பெரியவர் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாருக்கு தம்பி” என்றார். அப்புறம் மெதுவாக, “ஒரு பக்கம் கழட்டிட்டீங்களே” என்றார்.

அந்தப் பழுப்புக் கறை இடது பக்கத்துப் பேசரி. இரண்டு பக்கமும் போடுகிற அம்மா.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

நாலாம்தெரு

எல்லாம் இந்த பார்வர்ட் பண்ற பழக்கத்தால் வருவது. ஒவ்வொரு தடவை பார்வர்ட் ஆகும்போதும் ஆப் படத்தைச் சுருக்கும். முப்பது பேர் கை மாறினால் முப்பது தடவை நசுக்கின மாதிரி. என் தங்கை கல்யாணப் படத்துக்கும் இதே கதி. முதல் ஆள் 4 எம்பி அனுப்பினார், என் கைக்கு வந்தது 90 கேபி. ஆல்பத்தில் போட முடியவில்லை. இன்றுவரை தங்கை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

கட்டமண்டபம்

நாலாம்தெரு, பாதி சரி. பார்வர்ட் பட்டனை அழுத்தினால் படம் திரும்பச் சுருங்குவதில்லை. எங்கள் வீட்டில் மூன்று போனில் ஒரே படத்தை வரிசையாக பார்வர்ட் செய்து பார்த்தேன். மூன்றிலும் பைட் எண்ணிக்கை ஒன்று, md5sum ஒன்று. 4 எம்பி 90 கேபி ஆனது முதல் ஆள் அனுப்பிய அந்த ஒரே தடவையில்தான்.

கெடுப்பது வேறு: கேலரியில் சேமித்து அங்கிருந்து புதிதாக அனுப்புவது, ஒரு ஆப்பில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, ஓரத்தை வெட்டுவது, “ஆழ்ந்த இரங்கல்” என்று எழுத்து போடுவது, ஸ்கிரீன்ஷாட். அதிலும் அளவு மாறாமல், வெட்டாமல், அதே தரத்தில் திரும்பத் திரும்பச் சேமித்தால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் பெரிதாக ஒன்றும் கெடாது. கட்டம் பழைய இடத்திலேயே விழும், எண்கள் முன்பே வட்டமாக்கப்பட்டவை. மூன்று பிக்சல் ஓரத்தை வெட்டிப் பாருங்கள், பழைய கட்டத்தின் குறுக்கே புதுக் கட்டம் விழும். ஸ்கிரீன்ஷாட்டில் படம் இழுபடவும் செய்வதால் கட்டம் இரண்டு அளவில் தெரியும்.

பழையபிலிம், உங்கள் பேசரி ஏன் கறையானது தெரியுமா? முகம் எத்தனை பிக்சல் அகலம் இருந்தது?

பழையபிலிம்

720க்குச் சுருக்கிய பிறகு சுமார் 200. பேசரி 14 இருக்கும்.

கட்டமண்டபம்

அதேதான். வெளிச்சத்துக்கு எட்டுக்கு எட்டு கட்டம். நிறத்தை இந்த ஆப்கள் பாதி அளவில்தான் வைக்கும், அதனால் நிறத்தின் ஒரு கட்டம் படத்தில் பதினாறுக்குப் பதினாறு பிக்சலை மூடும். 14 பிக்சல் நகை ஒரே நிறக் கட்டத்துக்குள் அடங்கிப் போகலாம். தங்கத்தின் மஞ்சளும் தோலின் நிறமும் அங்கே ஒன்றாகக் கலந்து பழுப்பு. வலது பக்கம் தப்பித்தது கல்லில் வெளிச்சம் பட்டு வெள்ளைப் புள்ளி விழுந்ததால். அது வெளிச்சத்தின் கட்டத்தில் பதிவாகியிருக்கும். குங்குமம் சதுரமாக வழிந்ததும் இந்தப் பதினாறு கணக்குதான்.

நானும் ஒரு தடவை இதில் மாட்டினேன், நகையில்லை, தழும்பு. அதிலிருந்து ஒரு வழக்கம். எதையும் அழிப்பதற்கு முன் L சேனலை மட்டும் தனியாக, கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பேன். கட்டத்தின் அழுக்கு என்றால் எட்டின் கோட்டில் ஒட்டி நிற்கும், அதன் ஓரம் நேராக இருக்கும். கோட்டைத் தாண்டி இரண்டு கட்டத்தில் கால் வைத்திருந்தால் அங்கே நிஜமாகவே ஏதோ இருக்கிறது.

மாடிவீடு

எனக்கும் இதே பிரச்சினை. தாத்தா படம் 1970-களில் பேப்பரில் வந்தது, அதை ஸ்கேன் பண்ணினால் முகம் முழுக்கப் புள்ளி புள்ளி. Surface Blur போட்டேன், முகம் மெழுகு பொம்மை ஆகிவிட்டது. த்ரெஷோல்ட் 9 போதுமா, கூட்ட வேண்டுமா?

கட்டமண்டபம்

மாடிவீடு, உங்களுடையது அச்சுப் புள்ளி. அதற்கு இந்த வைத்தியம் கேட்காது. 600 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் செய்து, ஸ்கேனரிலேயே Descreen போட்டுப் பாருங்கள்.

கரிசல்மேடு

என் கதை சின்னது. சித்தப்பா படம், இதே மாதிரி காரியத்துக்கு. நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டம் எடுத்தேன். காலையில் அத்தை மகன் வந்து, “அந்தப் படம் என் பழைய போன்லயே இருக்கே” என்றான். அவ்வளவுதான்.

அதனால் யாராக இருந்தாலும் பில்டரைத் தொடுவதற்கு முன்னால் சொந்தக்காரர் எல்லோரிடமும் கேளுங்கள். கேட்கும்போது “படம் இருக்கா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் குரூப்பில் வந்ததையே அனுப்புவார்கள். “யார் எடுத்தது, எந்த போனில் எடுத்தது?” என்று கேளுங்கள். வந்ததும் போட்டோவாக அனுப்பச் சொல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது பைல் அப்படியே வரும். ஐந்தாறு பிரதி சேர்ந்ததும் ஒரு போல்டரில் போட்டு ImageMagick-இல் இதை ஓட்டுங்கள்:

```
identify -format "%f %wx%h %Q\n" *.jpg
```

கடைசி எண் தரத்தின் மதிப்பீடு. ஆனால் அதை மட்டும் நம்பி எடுத்துவிடாதீர்கள், அங்கேதான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். 1080 அகலம், தரம் 95 என்று ஒன்று. 720 அகலம், தரம் 70 என்று ஒன்று. 95-ஐ எடுத்தேன். அது ஸ்கிரீன்ஷாட். கெட்டுப்போன படத்தை ரொம்ப நல்ல தரத்தில் சேமித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 70-தான் அதற்கு முந்தைய தலைமுறை. எண் கடைசியாகச் சேமித்த கையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். கண்ணின் கருவிழி ஓரத்தை 400 சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எது நல்லது என்று முடிவு பண்ணுங்கள்.

இன்னொன்று. கட்டம் இருக்கும்போது ஷார்ப்பன் போடவே போடாதீர்கள். முகத்தை விட்டுவிட்டுக் கட்டம்தான் கூர்மையாகும்.

பழையபிலிம்

கரிசல்மேடு, கேட்டேன் ஐயா. எடுத்த பையன் போன் தண்ணீரில் விழுந்து போச்சு.

வடக்குவாசல்

720க்குச் சுருக்கினது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிற பிக்சலை எதற்குத் தூக்கி எறிய வேண்டும்? நான் 1080-இலேயே Reduce Noise-இல் Remove JPEG Artifact டிக் செய்து வேலையை முடிப்பேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

கட்டமண்டபம்

அந்தக் கூடுதல் பிக்சல் போன் இடையில் நிரப்பிக்கொடுத்தது, அதில் முகம் இல்லை. உங்கள் படங்களில் கட்டம் எத்தனை பிக்சல் என்று ஒரு தடவை அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

வடக்குவாசல்

அளந்தால் என்ன, பிரிண்டில் யாருக்குத் தெரியும்? 12க்கு 18-ஐ ஆறடி தள்ளி சுவரில்தான் பார்ப்பார்கள்.

கட்டமண்டபம்

பழையபிலிம் சொன்னவர் கையில் வாங்கித்தான் பார்த்தார்.

நாலாம்தெரு

சரி, கடைசியில் அந்த மூக்குத்திக்கு என்ன செய்தீர்கள்? வலது பக்கத்தைக் காப்பி பண்ணித் திருப்பி ஒட்டினால் போதுமே.

பழையபிலிம்

அதைத்தான் முதலில் செய்தேன், பொய்யாகத் தெரிந்தது. படத்தில் வெளிச்சம் வலது பக்கத்து ஜன்னலில் இருந்து. திருப்பி ஒட்டினால் நிழலில் இருக்க வேண்டிய மூக்கில் கல் மின்னுகிறது.

மறுநாள் காலையில் பெரியவரே வந்தார். சட்டைப் பையில் இருந்து மடித்த நோட்டுத் தாள் ஒன்றை எடுத்தார். பிரித்தால் உள்ளே அந்தப் பேசரி, ஏழு கல், திருகோடு. “இத வச்சு எடுத்துக்கோங்க” என்றார். ஸ்டுடியோ ஜன்னல் வலது பக்கம் வருகிற மாதிரி, களிமண்ணில் மூக்கு அளவுக்கு ஒரு மேடு பிடித்து அதில் குத்தி நிற்க வைத்தேன். படத்தில் அந்த அம்மாவின் தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு சாய்த்து மேக்ரோவில் எடுத்தேன். பெரிதாக்கிய படத்தில் 56 பிக்சல் அகலத்துக்கு அதைச் சுருக்கி, சுற்றி இருந்த தோலின் மங்கலுக்கு ஏற்ற மாதிரி ஒன்றரை பிக்சல் மங்கலாக்கி, அதே இரண்டு சதவீதப் புள்ளி. கூர்மையாக விட்டிருந்தால் அது மட்டும் தனியாக எழுந்து நின்றிருக்கும். 12க்கு 18 வேண்டாம், 8க்கு 12 போடுவோம் என்றேன், சம்மதித்தார்.

பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நகையைத் திரும்ப அந்தத் தாளில் மடித்து, பையில் வைத்து, பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டே போனார்.

வடக்குவாசல்

அளந்து பார்த்தேன். பன்னிரண்டுதான் வருகிறது. ஆனாலும் 1080-இல் செய்ததுதான் எனக்கு நன்றாக இருக்கிறது.